பேக்கேஜ் 85,000, பில் 1,21,400. நாளை காலை டிஸ்சார்ஜ், உதவுங்கள்

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், மெஷ் வைத்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. இன்சூரன்ஸ் கிடையாது, கையிலிருந்துதான் கட்டுகிறோம்.

பேக்கேஜ் தாளில் இருப்பது: இரண்டு நாள் அறை, டாக்டர், மயக்க மருந்து, ஓ.டி. வாடகை, ஓ.டி.யில் பயன்படும் பொருட்கள். மெஷ் மட்டும் தனி. கூடுதலாக வந்த 36,400-இல் மெஷ் 18,000. கேஸ் ஷீட்டில் அதன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, பில்லிலும் ஒன்றுதான், அதில் சண்டையில்லை.

அறை வாடகை கூடுதலாக இரண்டு நாளுக்கு 7,000. திங்கள் மாலை 6 மணிக்குச் சேர்த்தோம், வியாழன் காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ். மொத்தம் 65 மணி நேரம்தான், மூன்று நாள்கூட ஆகவில்லை. நள்ளிரவு தாண்டினாலே புது நாளாம். சேர்க்கும்போது யாரும் சொல்லவில்லை. விதியைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

சிக்கல் மீதி 11,400-இல். முதலில் 'பார்மசி' என்று ஒரே வரிதான் இருந்தது. அடம்பிடித்து விவரப் பட்டியல் வாங்கினேன். எல்லாமே ஆபரேஷன் தேதியில் போட்டவை: கையுறை, டிரேப், காட்டரி பேட், தையல் நூல். வார்டு மருந்து ஒன்றுகூட இல்லை. பில்லிங்கில் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் சார்" என்கிறார்கள். பி.ஆர்.ஓ. இரண்டு முறை அலையவிட்டார். மருந்து, பொருட்கள் கேட்டு பார்மசிக்கு எழுதி அனுப்பும் இண்டென்ட் தாளை வார்டு நர்ஸிடம் கேட்டேன், தரவில்லை.

பேக்கேஜுக்குள் இருக்கும் ஓ.டி. பொருட்களைத் தனியாகப் போட்ட இந்த 11,400-ஐ நீக்க, பணம் கட்டும் முன் யாரிடம், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?