கனமான போர்வை போட்டால் ஸ்பின்னில் மெஷின் தடதடவென்று இடிக்கிறது

செங்கோட்டையில் இருக்கிறோம். 7 கிலோ டாப் லோடு வாஷிங் மெஷின், ஃபுல்லி ஆட்டோமேட்டிக், வாங்கி நாலு வருஷம். சாரல் தொடங்கிய பிறகுதான் இந்தப் பிரச்சனை, வெயில் இல்லாததால் ஸ்பின்னைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. துவைப்பது, அலசுவது எல்லாம் சரியாக நடக்கிறது. ஸ்பின் வேகம் எடுக்கும்போது டப் பாடியில் மோதி இடிக்கிறது, அப்புறம் தானாகவே மறுபடி தண்ணீர் பிடித்து அலசிப் பார்த்துவிட்டு, கடைசியில் எடை சமமில்லை என்று UE எரர் காட்டி நின்றுவிடுகிறது.

காலி டிரம்மில் ஸ்பின் விட்டேன், சத்தமே இல்லை. சட்டை, வேட்டி, சுடிதார் என்று கலந்து போட்டாலும் அமைதியாகச் சுற்றுகிறது. ரசமட்டம் வைத்து நாலு காலையும் சரிசெய்தாயிற்று, மூலையில் அழுத்தினால் ஆடவில்லை. டப்பைக் கீழே அழுத்தி விட்டால் உடனே நின்றுவிடுகிறது, அதனால் சஸ்பென்ஷன் ராடு போகவில்லை என்றே நினைக்கிறேன். கனமான பருத்திப் போர்வையைத் தனியாகப் போட்டால் மட்டும்தான் இடி. நின்றதும் திறந்து பார்த்தால் தண்ணீர் குடித்து ஒரே பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது. நடு பல்சேட்டரைச் சுற்றி வளையமாக வைத்தேன், எதிர்ப்பக்கம் டவல்களும் போட்டேன், துவைக்கும்போதே எல்லாம் இடம் மாறிவிடுகிறது.

இப்படி ஒற்றைப் போர்வையை டிரம்மில் எப்படி வைத்து, கூட எதைப் போட்டால் ஸ்பின் வரை எடை சமமாக நிற்கும்?