முத்திரைக்கு அடியில் சிக்கிய எழுத்துக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல்விழி: பழைய கிரையப் பத்திரங்களைப் படியெடுக்கும் மாணவர்களுக்குக் கையேடு எழுதுகிறேன். முத்திரையோ கையெழுத்தோ விழுந்து மறைத்த எழுத்துக்கு ஒரு சொல், நாமாக இட்டு நிரப்புவதற்கு ஒரு சொல் வேண்டும். இப்போது இரண்டுமே 'தெளிவில்லை'தான்.

சேகர்: சொல் எதற்கு? முத்திரை ஊதா, எழுத்து கறுப்பு. ஸ்கேன் படத்தில் சிவப்பு, நீல சானல்களைத் தனித்தனியே பாருங்கள். ஏதாவது ஒன்றில் ஊதா வெளிறும், எழுத்து நிற்கும்.

கயல்விழி: முத்திரைக்குச் சரி. அதே மையில் போட்ட கையெழுத்தை என்ன செய்வது? என் பக்கத்தில் 'ரூபாய் நானூற்' தெரிகிறது, அப்புறம் கையெழுத்தின் சுழி, பிறகு 'பது'. கீழே எண்ணில் 450.

பாஸ்கர்: தாத்தா பத்திரத்திலும் இப்படித்தான். முத்திரைத்தாள் மதிப்பு குறைவு என்று அபராதம் கேட்கிறார்கள். கட்டலாமா?

அரங்கநாதன்: பாஸ்கர், அது வக்கீலிடம் கேட்க வேண்டியது. கயல், 450 இருப்பதால் 'ஐம்' என்று நிரப்பாதீர்கள். முப்பது, அறுபது எல்லாமே அந்தச் சுழிக்குள் அடங்கும். எண்ணும் எழுத்தும் முரண்படுகிறதா என்று பார்க்கத்தான் பின்னால் ஒருவர் படியைத் தேடி வருவார். நிரப்பினால் முரணையே அழித்துவிடுவீர்கள். 'நானூற்றைம்பது' என்று புணர்த்தி எழுதினாரா, 'நானூற்று ஐம்பது' என்று பிரித்தாரா என்பதும் தெரியாது. ஆகவே எத்தனை எழுத்து என்று புள்ளி எண்ணாமல் `நானூற்[---]பது` என்று எழுதி, 450ஐ அடிக்குறிப்பில் சொல்லுங்கள். சொல்லுக்கு உரையாசிரியர்களின் 'வருவித்தல்' இருக்கவே இருக்கிறது.

மங்கை: அவர்கள் வருவித்தது மூலத்தில் இல்லாத சொல்லை. இங்கே சொல் மைக்கு அடியில் இருக்கிறதே!

இளவழுதி: 'முத்திரை' வடசொல். பட்டினப்பாலையில் சுங்கப் பொதிகளில் புலி பொறித்தார்கள். 'பொறிமறைவு' என்போம்.

சேகர்: இயந்திரம் பழுது என்று நினைப்பார்கள்.

மங்கை: 'மறைபட்ட எழுத்து', 'ஊகநிரப்பு' போதும். பாதி உருவம் தெரிவது மூன்றாவது வகை. கல்வெட்டுகளைப் பதிப்பிப்போர் கையாளும் லெய்டன் முறையில் அதற்கு எழுத்தின் கீழே புள்ளி. தமிழில் 'கு', 'மூ' போன்றவற்றின் கீழே அது ஒழுங்காக உட்காராது. அடிக்கோடு இடலாம்.

கயல்விழி: மூவர் ஒப்புக்கொண்டதால் மங்கையின் சொற்களே அச்சுக்குப் போகின்றன. அடிக்கோடும்.

அரங்கநாதன்: போகட்டும். ஆனால் 'ஊகம்' என்றால் மாணவர் மனம்போல் நிரப்புவார். இன்ன வரியைக் கொண்டு நிரப்பினேன் என்று காட்ட முடியாததை நிரப்பவே கூடாது. என் படிகளில் 'வருவிப்பு' என்றே எழுதுவேன்.

இளவழுதி: 'ஊகம்' மட்டும் தமிழா?