சிஏபிடி பெரிட்டோனைட்டிஸ்: 5ஆம் நாளும் பை தெளியவில்லை

மதுரையில் ஒரு சிஏபிடி நோயாளி. எடை 58 கிலோ, தினமும் 2 லிட்டர் பை நான்கு. வயிற்று வலியோடு வந்தார். வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தே தெரியவில்லை. வெள்ளணு 2400, நியூட்ரோஃபில் 88%.

அன்றிரவே பையில் செஃபசோலின் 1 கிராம், செஃப்டாசிடிம் 1 கிராம், தனித்தனி சிரிஞ்சில். 8 மணி நேரம் வயிற்றில் நிறுத்தினோம். தினமும் ஒருமுறை இதேபோல். ஃபைப்ரின் இழை தெரிந்ததால் லிட்டருக்கு 500 யூனிட் ஹெப்பாரினும் சேர்த்தோம்.

3ஆம் நாள் 1300, இன்று 5ஆம் நாள் 640. இன்னும் நியூட்ரோஃபில்தான் அதிகம், பை கலங்கலாகவே இருக்கிறது. பிளட் கல்ச்சர் பாட்டிலில் போட்டும் எதுவும் வளரவில்லை. பூஞ்சை தெரிந்திருந்தால் கதீட்டரை உடனே எடுத்திருப்போம். கிராம் ஸ்டெய்னில் அது இல்லை. காசநோய்ப் பரிசோதனை முடிவு வரவில்லை. காய்ச்சல் இல்லை, எக்ஸிட் சைட் சுத்தம், டனலில் வலியில்லை.

5 நாள் விதிப்படி இன்றே கதீட்டரை எடுப்பதா, எண்ணிக்கை இறங்குவதால் காத்திருப்பதா? காத்திருந்தால் எத்தனை நாள்?