புதுப்பிப்பு: 5 வாரம் தள்ளிப்போன இடைமுகம்

முன்பு கேட்டது: “எங்கள் மென்பொருளுக்குச் சரக்கிருப்பு விவரத்தைக் கொண்டுவரும் இடைமுகத்தை வேறொரு நிறுவனம் தர வேண்டும்; அது 5 வாரம் தாமதமாகும் என்கிறார்கள். வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது?”

மீதமிருந்த வேலைகளைப் பிரித்துப் பார்த்ததில், இடைமுகம் கைக்கு வராமல் தொடங்க முடியாதவை ஒருங்கிணைப்புச் சோதனையும் பயனர் ஏற்புச் சோதனையும் மட்டுமே. திரைகளையும் அறிக்கைகளையும் மாதிரித் தரவைத் தரும் போலிச் சேவையை வைத்தே முடித்துவிடலாம். சோதனைக்கு முன் 2 வார அவகாசம் ஏற்கெனவே இருந்ததால், இறுதித் தேதி 3 வாரம் மட்டுமே நகர்கிறது.

வந்த பதில்களில், ஆட்களைக் கூட்டச் சொன்னவரின் யோசனை பாதி சரி: சோதனைத் தயாரிப்பு விரைவுபடும், காத்திருப்பு குறையாது. அபராத விதியைப் பற்றி ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். அது அவருடைய ஒப்பந்தத்தின் சிக்கல், எங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு வழிக்கும் முடிவெடுக்க வேண்டிய கடைசி நாளையும் குறிப்பிடச் சொன்னவரின் அறிவுரைதான் பெரிதும் உதவியது.

3 வாரம் தள்ளி முழுமையாக வெளியிடுவது, அல்லது இருப்பு விவரத்தை நாள்தோறும் கோப்பாக ஏற்றும் தற்காலிக வசதியுடன் பழைய தேதியிலேயே வெளியிடுவது என இரு வழிகளை முன்வைத்தோம். பின்னதற்கு ஆகும் 2 வார உழைப்பு பிறகு பயன்படாது என்பதையும், வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்காவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதையும் மறைக்காமல் எழுதினோம். வாடிக்கையாளர் அந்தத் தற்காலிக வழியையே தேர்ந்தெடுத்தார். அதன் செலவை யார் ஏற்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.