உயில்: பதிவு செய்வதா, முத்திரையிட்டு ஒப்படைப்பதா?

வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. சென்ற மாதம் வெள்ளைத்தாளில் தன் கைப்படவே உயில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டார். அவர்களும் அவர் எதிரிலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "பதியாத உயில் செல்லாது" என்று சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார். 1908 பதிவுச் சட்டத்தின்படி உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, காலக்கெடுவும் இல்லை என்பது வரை எனக்குத் தெரியும்.

அப்பாவின் கவலை வேறு. வீட்டில் வைத்தால் யாராவது கிழித்துப் போட்டுவிடலாம். பதிந்தால் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும், ஊருக்கே தெரிந்துவிடும் என்கிறார். அதனால் உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியை யோசிக்கிறோம். அவர் உறையைப் பிரிக்க மாட்டார். மேலே உள்ள பெயரையும் பெற்ற நாள், நேரத்தையும் 5ஆம் புத்தகத்தில் குறித்துக்கொண்டு தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். மனம் மாறினால் அப்பா திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே சாட்சிக் கையெழுத்து விடுபட்டிருந்தால் யாருக்கும் தெரியாது, அதுதான் எனக்கு உறுத்தல்.

தமிழ்நாட்டில் இப்படி ஒப்படைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்பாவால் படியேற முடியாது. முகவர் மூலம் கொடுத்தால் என்ன ஆவணம் கேட்கிறார்கள்? அவர் காலத்துக்குப் பிறகு உறையைத் திறந்து நகல் வாங்க எத்தனை நாள் ஆனது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.