செல்ஃபியில் இருந்த முகத்தை 85 எம்.எம். படத்தில் வைத்தேன், ஆள் அடையாளம் மாறுகிறது

வேலந்தாவளம் ஸ்டுடியோ:
வணக்கம். பாலக்காடு பக்கம் வேலந்தாவளத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த குடும்பப் படத்தில் அவரைச் சேர்த்துத் தரச் சொல்கிறார்கள். உடம்புக்காக அவருடைய தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து, 85 எம்.எம். லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். முகத்துக்குக் கிடைத்தது அவர் வரப்பில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு செல்ஃபிதான். நன்றாகச் சிரித்திருக்கிறார், வீட்டில் எல்லோருக்கும் அந்தப் படம்தான் பிடித்திருக்கிறது.

நெற்றியிலிருந்து தாடை வரை அளவு பார்த்து வைத்தேன். கண் பெரிதாகவும் முகம் ஒடுங்கியும் தெரிகிறது. மூக்கைச் சுருக்கிப் பார்த்தேன், இன்னும் மோசம். அவர் மனைவி பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுக்காரர் இல்லையே" என்றார்கள். நிறம், வெளிச்சம் எல்லாம் ஒத்துப்போகிறது. எங்கே தப்பு?

சித்தூர் ஆல்பம்:
இது லென்ஸ் டிஸ்டார்ஷன் அண்ணா. போன் முன் கேமரா வைடு ஆங்கிள். லைட்ரூமில் Lens Corrections போய் Enable Profile Corrections டிக் செய்யுங்கள். அதிலும் போகாவிட்டால் Distortion ஸ்லைடரைக் கொஞ்சம் தள்ளுங்கள். 85-க்குச் சமமாகிவிடும்.

கொல்லங்கோடு:
எனக்கும் இதே பிரச்சினை. மண்டபத்தில் இடம் இல்லாமல் 16 எம்.எம். போட்டு குரூப் எடுத்தேன். ஓரத்தில் நின்ற மாமியார் இரண்டு மடங்கு குண்டாகத் தெரிகிறார். நடுவில் நின்றவர்கள் சரியாக இருக்கிறார்கள். இதற்கும் அதே வழிதானா?

மீனாட்சிபுரம் பழைய கை:
சித்தூர் தம்பி, பாதி சரி. அந்த ஸ்லைடர் வளைந்த கோட்டை நிமிர்த்தும். கதவு நிலை, சுவர் ஓரம் இதற்கெல்லாம் அது வேண்டும். முகம் மாறுவதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, தூரம். சந்தேகம் இருந்தால் ஒருவரை 3 மீட்டர் தள்ளி நிறுத்தி, போனில் 1x-ல் ஒன்று, 3x-ல் ஒன்று எடுங்கள். 1x படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் மூக்கும் காதும் 3x-ல் இருந்த அதே கணக்கில்தான் இருக்கும். தெளிவு மட்டும் குறையும்.

கொல்லங்கோடு, உங்களுடையது வேறு. வைடு லென்ஸில் சட்டத்தின் ஓரத்தில் இருப்பது எதுவானாலும் வெளிப்பக்கம் இழுபடும். இங்கே முகம் செல்ஃபியின் நடுவில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஸ்டுடியோக்காரரே, அந்தச் செல்ஃபி வாட்ஸ்அப்பில் வந்ததா? வந்ததானால் அவர் போனிலிருந்தே ஒரிஜினல் வாங்குங்கள், வாட்ஸ்அப் எக்ஸிஃப் விவரத்தைக் கழற்றிவிடும். பிறகு இரண்டு கண் பாப்பாவுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று அளந்து சொல்லுங்கள்.

வேலந்தாவளம் ஸ்டுடியோ:
ஒரிஜினல் கிடைத்தது சார். முகம் நடுவில்தான் இருக்கிறது. 4032 × 3024, வெட்டாத படம். இதை ஓட்டினேன்:

```
exiftool -FocalLengthIn35mmFormat appa.jpg
```

26 mm என்று வந்தது. பாப்பாவுக்குப் பாப்பா 440 பிக்சல்.

மீனாட்சிபுரம் பழைய கை:
நல்லது, இனி ஊகம் வேண்டாம். பெரியவர்களுக்குக் கண் பாப்பா இடைவெளி சராசரி 6.3 செ.மீ. உங்கள் படத்தின் மூலைவிட்டம் 5040 பிக்சல், முழு ஃபிரேமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. முதலில் 26 மி.மீ.-ஐப் பிக்சலாக்கி, பிறகு அதிலிருந்து தூரத்தை எடுப்போம்.

```
26 / 43.3 × 5040 = 3026
6.3 × 3026 / 440 = 43
```

போன் அவர் கண்ணிலிருந்து சுமார் 43 செ.மீ. தள்ளி இருந்திருக்கிறது. மூக்கு நுனி கண்ணைவிட 3 செ.மீ. முன்னால், அதாவது 40-ல். காது 9 செ.மீ. பின்னால், அதாவது 52-ல். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். 43-க்கு 40 சின்ன வித்தியாசம், 43-க்கு 52 பெரிய வித்தியாசம். உங்கள் 3 மீட்டர் படத்தில் இந்த வித்தியாசம் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

கணக்குப் போட்டால், கண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மூக்கை 6 சதவீதம்தான் சுருக்க வேண்டும். காது இருக்கும் பக்கத்தையோ 17 சதவீதம் போல வெளியே கொண்டுபோக வேண்டும். எல்லோரும் மூக்கில் கை வைப்பார்கள், நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். மூக்கு அவ்வளவாகப் பெரிதாகவில்லை, தலைதான் சிறுத்துவிட்டது. சிறுத்த தலையைத் தம்பியின் தலை அளவுக்கு இழுத்ததால்தான் கண் பெரிதானது.

சித்தூர் ஆல்பம்:
அப்படியானால் போட்டோஷாப் Liquify-இல் Face Width கூட்டினால் போதுமே சார்?

மீனாட்சிபுரம் பழைய கை:
கொஞ்சம் உதவும். ஆனால் அது கன்னத்தைத்தான் அகட்டும், கன்னம் கண்ணிலிருந்து அவ்வளவு பின்னால் இல்லை. 17 என்பது காதுக்கான கணக்கு. கன்னத்துக்கு அதைவிடக் குறைவு, முன்முடிக்கு இன்னொரு அளவு. ஒரே ஸ்லைடரில் இது அடங்காது.

நான் செய்வது இப்படி. அவரைத் தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று, எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, வாங்கிக்கொள்வேன். பழைய கல்யாண குரூப் போட்டோ போதும். அதில் தோல், முடி எதுவும் உதவாது, முகத்தின் வடிவம் மட்டும் வேண்டும். செல்ஃபிக்கு மேல் அதை 40 சதவீத ஒபாசிட்டியில் வைத்து, இரண்டு கண் பாப்பாவையும் பொருத்துங்கள். செல்ஃபி லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி Liquify திறந்து, Show Backdrop-இல் அந்த லேயரைத் தெரிய வையுங்கள். கண், வாய் இரண்டையும் Freeze Mask போட்டு மூடிவிட்டு, Forward Warp-ஐ முகத்தில் பாதி அளவு பிரஷ்ஷாக வைத்து ஓரங்களை வெளியே தள்ளுங்கள். சின்ன பிரஷ் எடுத்தால் கன்னம் மேடு பள்ளமாகிவிடும். முன்முடிக் கோட்டையும் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும், மண்டை பின்பக்கம் சரிவதால் அதுவும் சுருங்கியிருக்கும்.

பிறகு குடும்பப் படத்தில் வைக்கும்போது அளவைக் கண் இடைவெளியை வைத்துப் பாருங்கள். நெற்றி, தாடை அளவு வேண்டாம்.

வேலந்தாவளம் ஸ்டுடியோ:
மூத்த மகன் கல்யாணத்தில் எடுத்த குரூப் பிரிண்ட் கிடைத்தது, ஸ்கேன் செய்து மேலே வைத்தேன். கண் பொருந்தியதும் எனக்கே திக்கென்று இருந்தது. செல்ஃபியில் கன்னத்துக்குப் பின்னால் காது பாதி ஒளிந்திருக்கிறது, குரூப் படத்தில் முழுக் காதும் தெரிகிறது. இல்லாத காதை எங்கிருந்து எடுப்பது?

மீனாட்சிபுரம் பழைய கை:
இழுத்து வராது. செல்ஃபியில் கேமரா பார்க்காததை Liquify உண்டாக்கிக் கொடுக்காது. தம்பியின் காதையும் பக்கவாட்டு முடியையும் அப்படியே விட்டுவிடுங்கள். காதுக்கு முன்னால் கிருதா ஓரத்தோடு முகத்தை நிறுத்தி மாஸ்க் போடுங்கள்.

கொல்லங்கோடு:
காதை வைத்தும் வீட்டார் ஆளைக் கண்டுபிடிப்பார்கள் சார். எங்கள் பக்கம் அந்த வயதுக்காரர்களுக்குக் காது குத்தியிருக்கும், ஓட்டை நீண்டிருக்கும். முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

மீனாட்சிபுரம் பழைய கை:
சரியான பேச்சு. நான் அதை யோசிக்கவில்லை.

வேலந்தாவளம் ஸ்டுடியோ:
கேட்டேன். இருவருக்கும் சிறு வயதிலேயே குத்தியதாம், அதனால் தம்பி காதையே வைத்துக்கொண்டேன். முகம் இப்போது அகன்று, அவருடைய முகமாகிவிட்டது. அந்த அம்மா திரையில் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கிட்டே வந்து நின்றார்கள். பிறகு, "தாடை மட்டும் கூராக இருக்கு" என்றார்கள்.

அது உண்மைதான். செல்ஃபியில் கையைச் சற்று உயர்த்தி எடுத்திருக்கிறார். குரூப் படத்தோடு தாடை மட்டும் பொருந்தவில்லை.

மீனாட்சிபுரம் பழைய கை:
அது தூரத்தால் வந்ததில்லை, கேமரா மேலிருந்து பார்த்ததால் வந்தது. குரூப் படத்தின் தாடைக் கோடு வரை கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். அதிகம் இறக்கினால் கழுத்து நிழல் காட்டிக்கொடுக்கும். இந்தச் செல்ஃபியில் அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

சித்தூர் ஆல்பம்:
அண்ணா, அந்தத் தாடையைக் குரூப் படத்திலிருந்தே எடுத்துப் பெரிதாக்கினால்?

வேலந்தாவளம் ஸ்டுடியோ:
அதில் முழு முகமே 90 பிக்சல்தான் தம்பி. கொஞ்சம் இறக்கியதை ஒரு பிரிண்ட், இறக்காததை ஒரு பிரிண்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறேன். அந்த அம்மா எதை எடுத்தார்கள் என்று வந்து எழுதுகிறேன்.