மழித்த முடியின் நுனிக்கு ஒரு சொல்: மறுதடிப்பா, மழுமுனையா, குற்றிமுனையா?

மார்த்தாண்டம், உயிரியல் ஆசிரியை

எல்லாருக்கும் வணக்கம். வளரிளம் பருவம் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் அரைப் பக்கம் ஒரே கேள்விக்கு: "ஒரு தடவை ஷேவ் பண்ணிட்டேன் டீச்சர், இப்போ தடியா முளைக்குது, இனி நிறுத்தவே முடியாதா?" ஆங்கில நூல்களில் ப்ளண்ட் டிப் என்கிறார்கள். "மழுங்கிய முனை" என்று எழுதிப் பார்த்தேன், பிளேடு மழுங்கிவிட்டதாகப் புரிந்துகொள்கிறார்கள். இப்போதைக்கு "மறுதடிப்பு" என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

குழித்துறை, மொழிபெயர்ப்பாளர்

மறுதடிப்பு சொல்லாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது முனைக்குப் பெயர், சொல் முழு முடியையும் குறிக்கிறதே. "மழுமுனை" என்று வைக்கலாம். மழுங்கலும் இருக்கிறது, மழித்தலும் காதில் விழுகிறது.

நாகர்கோவில், தோல் மருத்துவர்

டீச்சர், மறுதடிப்பு வேண்டாம். எந்தத் தப்பெண்ணத்தைப் போக்க அரைப் பக்கம் ஒதுக்கினீர்களோ அதையே அந்தச் சொல் திரும்பச் சொல்கிறது. முடி தடிக்கவே இல்லை.

ஒரு முடி எவ்வளவு தடிமனாக வரும் என்பதை முடிவுசெய்யும் இடம் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வெளியே தெரிவது உயிரில்லாத இழை. அதை வெட்டினால் வேருக்குத் தகவல் போக வழியில்லை. 1970இல் ஐந்து இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் வாரம் ஒருமுறை மழித்து, மறுகாலை அப்படியே விட்டுப் பல மாதம் பார்த்தார்கள். தடிமனிலும் வளரும் வேகத்திலும் இரண்டு காலுக்கும் வித்தியாசம் இல்லை.

மாறுவது நுனி. இதுவரை வெட்டாத முடியை ஈர்க்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடி பருமன், நுனி போகப்போக மெலிவு. பிளேடு அதை அடியோடு ஒட்டி வெட்டுகிறது. அடுத்த வாரம் வெளியே வருவது அதே ஈர்க்குதான், ஆனால் மெலிந்த பாகம் போய்விட்டது. பருமனான வெட்டுவாய் முன்னால் நிற்கிறது. வாரியலில் நீள ஈர்க்கு வளையும், தேய்ந்த கட்டை ஈர்க்கு காலில் குத்தும், அல்லவா? இங்கேயும் அப்படித்தான். அதே தடிமன், அதே அழுத்தம் என்றால், 1 மி.மீ. நீளமுள்ள முடி வளைவதைப்போல 10 மி.மீ. முடி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வளையும், ஏனென்றால் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விரலுக்குத் தடிப்பாகப் படுவதில் பெரும்பங்கு இந்தக் குட்டை நீளம்தான்.

தக்கலை, சலூன்காரர்

டாக்டர் சொல்லுவது சரிதான், மூணாம் நாள்தான் தாடி ரொம்பக் குத்தும், நீண்டால் பதமாகிவிடும். ஆனால் எதிர்ச்சவரம் பண்ணினால் தடிக்கத்தான் செய்யும். பதினாறு வயதில் என் கடைக்கு வந்த பையன்களை இருபதில் பார்க்கிறேனே, கத்தி பட்ட தாடிக்கே தனி முரடு. அப்புறம், எங்கள் பக்கம் இதைக் குற்றி என்போம். மரம் வெட்டினால் தரையில் நிற்குமே, அது. "குற்றி முடி குத்துது, வழிச்சுவிடுங்க" என்றுதான் வந்து உட்காருவார்கள்.

நாகர்கோவில், தோல் மருத்துவர்

அண்ணன், மூன்றாம் நாள் கணக்கு சரி. தாடி ஒரு நாளைக்கு 0.3, 0.4 மி.மீ. வளரும், ஆக மூன்றாம் நாள் ஒரு மில்லிமீட்டர் கட்டை. ஆனால் பதினாறுக்கும் இருபதுக்கும் நடுவில் அந்தப் பையன்களுக்குக் கத்தி மட்டுமா நடந்தது? ஆண் ஹார்மோன் பூனைமுடியைத் தாடிமுடியாக மாற்றும் வயது அது. கத்தியே படாமல் விட்டாலும் முரடாகத்தான் வந்திருக்கும். எதிர்ச்சவரத்தில் தோலை இழுத்து இன்னும் அடியில் வெட்டுகிறோம். அந்த வெட்டுவாய் சில சமயம் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளர்ந்து பருவாகும். தொட்டால் முரடாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளச்சல், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

எங்கள் பேத்திக்கு ஏழாம் மாதம் குமாரகோவிலில் மொட்டை போட்டோம். அதுவரை எலிவால் மாதிரி, பின்னந்தலையில் ஒன்றுமே இல்லை. இப்போது கரு கருவென்று அடர்த்தியாக இருக்கிறது. இன்னொரு மொட்டை போட்டால் இன்னும் அடர்த்தியாகும் என்கிறாள் என் மனைவி. போடலாமா?

நாகர்கோவில், தோல் மருத்துவர்

நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள் சார், அடர்த்திக்காக என்றால் வேண்டாம். பிறந்த முடி முதல் சில மாதங்களில் உதிர்ந்து, பிறகு தடித்த முடி வருவது இயல்பு. பின்னந்தலை வழுக்கை அந்த உதிர்வோடு தலையணை உராய்வும் சேர்ந்தது. நீங்கள் மொட்டை போட்டது அந்த மாற்றத்தின் நடுவில். மொட்டைக்குப் பின் எல்லா முடியும் ஒரே உயரத்தில் கிளம்பும், வெயிலில் வெளுத்த பழைய நுனியும் இருக்காது. அதனால் கறுப்பும் அடர்த்தியும் கூடிய மாதிரி கண்ணுக்குத் தெரியும். வேர்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் குழந்தைக்கு இன்னொரு தலை இல்லை, அதனால்தான் அந்த ஆய்வில் மறுகாலை விட்டுவைத்தார்கள்.

மார்த்தாண்டம், உயிரியல் ஆசிரியை

இன்று பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளோடு பார்த்தோம். ஒருத்தியின் முழங்கையருகே பிளேடு படாத முடி ஒன்று, அவளே மழித்த காலிலிருந்து இரண்டு வாரம் வளர்ந்த முடி ஒன்று. ஸ்லைடில் ஒரு சொட்டு நீர், மேலே கவர் ஸ்லிப். முதலாவது நுனியில் மறைந்துபோவது மாதிரி மெலிந்தது. இரண்டாவது சாய்வாகச் சீவிய கம்பு மாதிரி நின்றது. "பாத்தீங்களா டீச்சர், தடிச்சிருக்கு!" என்று கத்திவிட்டாள். கைமுடியின் நுனியைக் கால்முடியின் அடியோடு ஒப்பிட்டுவிட்டோம், அதுவும் வேறு வேறு இடத்து முடி. அடுத்த வாரம் ஒரே காலில் மழித்த பக்கம், மழிக்காத பக்கம் இரண்டிலும் பிடுங்கி, வேரிலிருந்து ஒரே தூரத்தில் அகலம் பார்க்கப்போகிறோம்.

சொல்லைப் பொறுத்தவரை, "குற்றி" என்றதும் வகுப்பு முழுக்கப் புரிந்துவிட்டது. குற்றிமுனை என்று வைக்கட்டுமா? டாக்டர், "நிறுத்த முடியாதா" என்ற கேள்விக்கும் ஒரு வரி வேண்டும்.

நாகர்கோவில், தோல் மருத்துவர்

நிறுத்தலாம். குற்றிமுனை நிரந்தரம் இல்லை. உராய்ந்து மெல்ல மழுங்கும், கால்முடியின் ஆயுளே சில மாதம்தான். அது உதிர்ந்து அதே வேரில் முளைக்கும் புது முடிக்கு மெலிந்த நுனியே இருக்கும். வேக்சிங் செய்தால் முடி மென்மையாக வருகிறது என்பதற்கும் இதுதான் காரணம், வேரோடு போனதால் புது நுனி. ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள்: பெண்பிள்ளைக்குத் தாடையில் முரட்டு முடி புதிதாக வந்து, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருந்தால், பிளேடைக் குறைசொல்லாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழித்துறை, மொழிபெயர்ப்பாளர்

குற்றிமுனைக்கு எனக்கு ஒரே தடை. ஆரல்வாய்மொழி தாண்டினால் குற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? "குற்றம்" என்று படிப்பவர்களும் இருப்பார்கள். கையேட்டில் குற்றிமுனை இருக்கட்டும், என் கலைச்சொல் பட்டியலில் மழுமுனையையும் சேர்த்து வைக்கிறேன். வெட்டாத நுனிக்கு ஏற்கெனவே "கூர்நுனி" என்று எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். கூர் என்றால் குத்தும் என்றுதான் தோன்றும், இங்கே குத்துவது மற்றது. மென்னுனி என்றால்?

தக்கலை, சலூன்காரர்

மென்னுனி வாயில் வரமாட்டேன் என்கிறது. பூநுனி என்று வையுங்கள்.